ஸ்கீம் கடிதத்தில் தேதி எங்கே?

பெயிண்ட் கடைக்காரர்களுக்கு கம்பெனியிலிருந்து பொங்கல் ஸ்கீம் வரும் காலம் ஒன்று உண்டு. கடைக்காரர் வாட்ஸ்அப்பில் ஒரு படமோ பிடிஎஃப்போ பார்ப்பார். மேலே பெரிய எழுத்தில் கம்பெனி பெயர், நடுவில் தங்கக் காசு படம், அதற்குக் கீழே ஸ்லாப் அட்டவணை, எல்லாவற்றுக்கும் அடியில் கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் நிபந்தனைகள். பார்த்ததும் கடைக்காரர் சேல்ஸ் பையனைக் கூப்பிட்டு ஒன்றே ஒன்றைத்தான் கேட்பார். "இது எப்ப தம்பி கைக்கு வரும்?" பையன் சொல்வான், "முடிஞ்ச உடனே போட்ருவாங்க அண்ணாச்சி."

அந்த "முடிஞ்ச உடனே" என்பதற்குத் தேதி கிடையாது. பெயிண்ட் கம்பெனி ஒன்றின் அலுவலகத்தில், தென்மாவட்டக் கடைகளுக்கு ஸ்கீம் கடிதம் தயாரிப்பதும், காலம் முடிந்ததும் கணக்குப் போட்டு கிரெடிட் நோட் அனுப்புவதும் என் வேலையாக இருந்தது. தகராறு என்று வந்தவற்றில் பெரும்பாலானவை கணக்கில் பிறந்தவை அல்ல. அறிவிப்பை எழுதிய நாளிலேயே பிறந்தவை. ஆகவே இந்தப் பதிவு இரண்டு தரப்புக்கும்: கடிதம் எழுதும் கம்பெனி ஆட்களுக்கும், அதை வாங்கிப் படிக்கும் கடைக்காரர்களுக்கும். நான் சொல்ல நினைப்பது இதுதான். கடிதம் கைக்கு வந்த அன்றே, ஒரு பென்சிலை எடுத்துக் கடைக்காரர் தன் தொகையையும் அது வரும் தேதியையும் தானே எழுதிவிட முடிந்தால்தான் அது ஸ்கீம். முடியாவிட்டால் அது வெறும் விளம்பரம்.

ஏன் இவ்வளவு கறாராகச் சொல்கிறேன் என்றால், ஸ்கீம் பணத்தை வெளியில் இருப்பவர்கள் போனஸ் என்று நினைக்கிறார்கள். பெயிண்ட் கடையில் அது போனஸ் இல்லை. கடைக்காரர் அதை முன்கூட்டியே விலையில் கழித்துக் கொடுத்துவிடுகிறார். ஒரு 20 லிட்டர் பக்கெட் அவருக்கு 5,000 ரூபாய்க்குப் பில் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். பக்கத்துத் தெருக் கடையும் அதே பக்கெட்டை அதே விலைக்குத்தான் வாங்குகிறது. பெயிண்டர் இரண்டு கடையிலும் விலை கேட்டுவிட்டு வந்து நிற்கிறார். அப்போது கடைக்காரர் மனதில் ஓடுவது பில் விலை அல்ல, ஸ்கீம் எல்லாம் கழித்தபின் வரும் நெட் விலை. நான்கு சதவீதம் கிடைக்கும் என்று நம்பினால் பக்கெட்டுக்கு 200 ரூபாய் இருக்கிறது, அதில் 150-ஐ விட்டுக் கொடுத்து வியாபாரத்தைப் பிடிப்பார். கடைசியில் இரண்டு சதவீத ஸ்லாபில்தான் நின்றார் என்றால் வருவது 100. ஒவ்வொரு பக்கெட்டிலும் 50 ரூபாய் கையிலிருந்து போயிருக்கும். நூறு பக்கெட் விற்றிருந்தால் ஐயாயிரம். ஸ்கீம் கடிதம் தெளிவில்லாமல் இருப்பதன் விலையை இப்படிக் கடைக்காரர்தான் கொடுக்கிறார்.

முதலில் டார்கெட்டை எடுத்துக்கொள்வோம். டார்கெட் என்றால் பெரும்பாலும் போன வருடம் இதே காலத்தில் வாங்கியதற்கு மேல் இத்தனை சதவீதம் என்றுதான் இருக்கும். நியாயமாகத் தெரியும் கணக்கு. ஆனால் "இதே காலம்" என்பது நம் ஊர் வியாபாரத்தில் சாதாரணமாக அமைவதில்லை. தீபாவளி 2024-இல் அக்டோபர் 31 அன்று வந்தது. 2025-இல் அக்டோபர் 20. 2026-இல் நவம்பர் 8. வீட்டுக்குப் பெயிண்ட் அடிப்பவர்கள் தீபாவளிக்கு ஒரு மாதத்துக்கு முன்பே தொடங்கிவிடுவார்கள், கடைக்காரர் அதற்கும் முன்பே சரக்கு எடுத்து வைப்பார். எனவே 2025-இல் தீபாவளிச் சரக்கில் நல்ல பங்கு செப்டம்பரிலேயே பில் ஆகியிருக்கும். 2024-இல் அதே சரக்கு அக்டோபருக்குள் விழுந்திருக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை என்று காலாண்டு ஸ்கீம் போட்டு, போன வருடத்தோடு அப்படியே ஒப்பிட்டால், ஒரு வருடம் எல்லாக் கடையும் தோற்கும், இன்னொரு வருடம் எல்லாக் கடையும் ஜெயிக்கும். இரண்டிலும் கடைக்காரர் உழைப்புக்குச் சம்பந்தமில்லை.

காலாண்டின் இன்னொரு முனையிலும் கோளாறு இருக்கிறது. பொங்கலுக்கு வெள்ளையடிப்பது, பெயிண்ட் அடிப்பது எல்லாம் மார்கழியில். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, வெளிச்சுவர் காய்ந்த பிறகு. டிசம்பர் 31-இல் ஸ்கீமை முடித்தால் பொங்கல் வியாபாரம் நட்ட நடுவில் வெட்டுப்படும். ஜனவரி முதல் பத்து நாளில் விற்க வேண்டிய சரக்கை டிசம்பர் கடைசி இரண்டு நாளில் கடைக்குள் திணிப்பார்கள். கம்பெனிக் கணக்கில் டிசம்பர் பிரமாதமாகத் தெரியும், ஜனவரி படுத்துவிடும்.

அதனால் நம் பக்கத்துக்கு நவம்பர் 21 முதல் ஜனவரி 20 வரை என்று ஒரு பொங்கல் ஸ்கீம் இருப்பதே சரி என்பது என் முடிவு. பொங்கல் ஜனவரி 14 அல்லது 15-ஐ விட்டு நகராது. போன வருடத்து அறுபத்தொரு நாளும் இந்த வருடத்து அறுபத்தொரு நாளும் ஒரே மாதிரியான நாட்கள். முடிகிற தேதியும் பண்டிகை கழிந்து விற்பனை தானாகத் தணியும் தேதி. மழை மட்டும் முன்பின் ஆகும், அதை யாராலும் கடிதத்தில் எழுத முடியாது.

இனி ஸ்லாப். இதில்தான் விஷயம் அதிகம், கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். ஸ்கீமில் சேரும் சரக்கில் மட்டும் போன பொங்கல் காலத்தில் அவர் வாங்கியது 8,00,000 ரூபாய், ஜிஎஸ்டி சேர்க்காமல். வழக்கமான கடிதம் இப்படி இருக்கும்: 8,40,000 எட்டினால் 2 சதவீதம், 8,80,000 எட்டினால் 3, 9,60,000 எட்டினால் 4. மூன்றுமே முதல் ரூபாயிலிருந்து. அதாவது எட்டிய ஸ்லாபின் சதவீதம் வாங்கிய மொத்தத்துக்கும் கிடைக்கும்.

இந்தக் கடைக்காரர் 9,59,000-இல் நின்றால் 3 சதவீதம், 28,770 ரூபாய். இன்னும் ஆயிரம் ரூபாய்க்கு வாங்கி 9,60,000 தொட்டால் 38,400. ஆயிரம் ரூபாய்ச் சரக்குக்கு 9,630 ரூபாய் கூடுதல். இதைப் பார்த்தவர் யாராக இருந்தாலும் வாங்கத்தான் செய்வார். ஆயிரம் ரூபாய் விஷயம் என்றால் பரவாயில்லை. 9,20,000-இல் நிற்கிறார் என்று வைத்துப் பாருங்கள். அவருக்கு அப்போது வரவேண்டியது 27,600. இன்னும் 40,000-க்குச் சரக்கு எடுத்தால் 38,400 ஆகும், 10,800 கூடுகிறது. அந்த 40,000 ரூபாய்ச் சரக்கு அவர் கடையில் விற்காது, பொங்கல் முடிந்துவிட்டது. ஆனால் அதை வாங்கிய விலையில் இருபது சதவீதம் குறைத்து, 8,000 நட்டத்துக்கு வேறு ஊர்க் கடைக்குத் தள்ளிவிட்டாலும் கையில் 2,800 நிற்கும்.

அப்படித் தள்ளிய சரக்கு முப்பது கிலோமீட்டர் தள்ளி இன்னொரு கடையில் மலிவாக இறங்குகிறது. அந்த ஊரில் ஒழுங்காகப் பில் விலைக்கு வாங்கி வைத்திருப்பவரிடம் பெயிண்டர் வந்து, "அங்க இந்த ரேட்டுக்குக் கொடுக்காங்களே" என்று கேட்கிறார். அவரும் இறக்குகிறார். பிப்ரவரி முழுக்க அந்த வட்டாரத்தில் அந்தப் பக்கெட்டின் விலை எழுந்திருக்காது. மார்க்கெட்டில் விலையை யார் கெடுத்தது என்று கம்பெனி மீட்டிங்கில் சண்டை நடக்கும். கெடுத்தது ஸ்லாப் அட்டவணை. நவம்பரிலேயே, அலுவலக மேசையில்.

இதைக் கண்டுபிடிப்பது கடினம் இல்லை. ஸ்கீமின் கடைசி மூன்று நாள் பில்லிங்கைத் தனியாக எடுத்துப் பாருங்கள். மொத்த இரண்டு மாதத்தில் மூன்று நாளின் பங்கு ஐந்து சதவீதம்தான் இருக்க வேண்டும். அது கால்வாசியாக இருந்தால், விற்பனை நடக்கவில்லை, லோடிங் நடந்திருக்கிறது. அடுத்த மாதம் அதே கடைகளின் பில்லிங் எவ்வளவு விழுகிறது என்று பார்த்தால் ஐயம் தீர்ந்துவிடும்.

மாற்று என்ன? படிக்கட்டின் உயரத்தைக் குறைப்பதுதான். அதே கடைக்கு இப்படி எழுதலாம்: போன வருடத்து 8,00,000-ஐ எட்டினாலே 1.5 சதவீதம். 8,40,000 எட்டினால் முதல் ரூபாயிலிருந்து 2.5 சதவீதம். அதற்கு மேல் வாங்கும் தொகைக்கு மட்டும் 6 சதவீதம். இப்போது 9,20,000-இல் நிற்பவருக்குக் கணக்குப் போடுங்கள். 8,40,000-க்கு 2.5 சதவீதம் 21,000. மேலே உள்ள 80,000-க்கு 6 சதவீதம் 4,800. மொத்தம் 25,800. இன்னும் 40,000-க்கு எடுத்தால் கூடுவது 2,400 மட்டுமே. அந்தச் சரக்கை இருபது சதவீதம் குறைத்துத் தள்ளினால் 8,000 போகும். யாரும் தள்ள மாட்டார்கள். நிஜமாகவே விற்கக் கூடியவர் மட்டும் வாங்குவார்.

உச்சத்தில் நிற்கும் பெரிய கடைகளுக்கு இது குறைவாகத் தெரியும், உண்மைதான். 9,60,000-இல் பழைய கணக்கில் 38,400 கிடைக்கும், இதில் 28,200. ஆனால் 8,40,000-இல் நிற்கும் கடைக்குப் பழைய கணக்கில் 16,800, இதில் 21,000. ஓடியாடிச் சிறு வளர்ச்சி காட்டும் கடைகளுக்குப் பணம் போகிறது. 8,00,000-க்கும் 8,40,000-க்கும் சற்று முன்னால் பள்ளங்கள் இதிலும் இருக்கின்றன, அவற்றை முழுக்க ஒழிக்க முடியாது. ஆனால் அவை இயல்பான வியாபாரத்திலேயே பலரும் தாண்டக்கூடிய இடத்தில் இருக்கின்றன, அவற்றைத் தாண்ட யாரும் சரக்கை வெளியூருக்கு ஏற்ற வேண்டியதில்லை.

டார்கெட் எந்தத் தொகையில் கணக்காகும் என்பதையும் ஒரு வரியில் எழுதிவிட வேண்டும். ஜிஎஸ்டி சேர்க்காத பில் தொகை, அதில் திரும்பிய சரக்கைக் கழித்தது. பில் தேதிதான் கணக்கு. அதோடு இன்னொரு வரி, இதைப் பலர் எழுதுவதில்லை: கடைக்காரர் ஜனவரி 17-க்குள் ஆர்டர் கொடுத்து, டெப்போவில் சரக்கு இல்லாததால் பில் ஆகாமல் போனால் அந்த ஆர்டரும் கணக்கில் சேரும். இந்த வரி இல்லாத கடிதத்தால் எத்தனை கடைகள் நூலிழையில் ஸ்லாபைத் தவறவிட்டிருக்கின்றன. சரக்கு வைக்காதது கம்பெனியின் குறை, தண்டனை கடைக்காரருக்கு என்பதில் நியாயம் எங்கே இருக்கிறது?

அடுத்தது சரக்குப் பட்டியல். "எல்லா பிரீமியம் எமல்ஷன்களும்" என்று எழுதுவது பட்டியல் ஆகாது. பிரீமியம் எது என்று கம்பெனி ஒன்று நினைக்கும், கடைக்காரர் ஒன்று நினைப்பார். பட்டியலில் சரக்கின் பெயர், பேக் அளவு, பில்லில் வரும் கோடு எண் மூன்றும் இருக்க வேண்டும். 1, 4, 10, 20 லிட்டர் எல்லாமா, பெரிய பேக் மட்டுமா என்று தெரிய வேண்டும். எனாமலில் 200 மில்லி, 500 மில்லி டப்பாக்கள் கிராமத்துக் கடைகளில் நிறைய ஓடும். அவை சேராது என்றால் அதை முதல் நாளே சொல்லிவிடுவதுதான் மரியாதை.

ஒவ்வொரு சரக்குக்கும் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. இது டார்கெட்டில் கணக்காகுமா? இதற்கு இன்சென்டிவ் உண்டா? இரண்டும் வேறு வேறு. வால் புட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். 40 கிலோ மூட்டை. எடை அதிகம், விலை குறைவு, கம்பெனிக்கும் அதில் லாபம் குறைவு. அதற்கு இன்சென்டிவ் கொடுக்க முடியாது என்பது புரிந்துகொள்ளக் கூடியதே. ஆனால் டார்கெட்டில் அது உண்டா இல்லையா என்று சொல்லாமல் விட்டால் குழப்பம் தொடங்கும்.

டின்டிங் மிஷின் உள்ள கடைகளுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. அவர்கள் கலர் பெயிண்ட் வாங்குவதில்லை. பேஸ் தனியாக, ஸ்டெய்னர் தனியாக வாங்கிக் கடையில் கலக்கிக் கொடுக்கிறார்கள். வெளிர் நிறத்துக்கு ஸ்டெய்னர் கொஞ்சம்தான் ஆகும். கடும் சிவப்பும் நீலமும் கேட்டால் கணிசமாக ஆகும். பேஸ் மட்டும் பட்டியலில் இருந்து ஸ்டெய்னர் இல்லாவிட்டால், அடர் நிறம் அதிகம் விற்கும் கடை ஒரே அளவு பெயிண்டை விற்றும் குறைவாக வாங்குவதாகக் கணக்கில் தெரியும். ஸ்டெய்னரையும் பட்டியலில் சேர்ப்பதே சரி.

கட்டுமான கம்பெனிகளுக்காகத் தனி விலையில் கடை மூலம் போகும் புராஜெக்ட் பில்கள் வழக்கமாகச் சேராது. ஏற்கெனவே விலை குறைத்த சரக்கு அது, சேர்க்காததில் தவறில்லை. ஆனால் போன வருடக் கணக்கிலிருந்தும் அவற்றைக் கழிக்க வேண்டும். நான் பார்த்தவற்றில் மிகப் பெரிய அநியாயம் நடப்பது இந்த இடத்தில்தான், அதுவும் யாரும் வேண்டுமென்று செய்யாமல். நம் கடையையே பாருங்கள். போன வருடம் மொத்தமாக 10,50,000-க்கு வாங்கியிருக்கிறார். அதில் புட்டியும் புராஜெக்ட் பில்லும் 2,50,000. மீதி 8,00,000. இந்த வருடம் அவை இரண்டும் ஸ்கீமில் இல்லை. அலுவலகத்தில் ஒருவர் அவசரத்தில் 10,50,000-ஐ அடிப்படையாக எடுத்து ஐந்து சதவீதம் கூட்டி, 11,02,500 டார்கெட் என்று அனுப்பிவிடுகிறார். கடிதத்தில் "5 சதவீத வளர்ச்சி" என்றுதான் இருக்கும். சேரும் சரக்கில் எட்டு லட்சம் வாங்கியவருக்கு அது ஏறக்குறைய 38 சதவீத வளர்ச்சி. அவர் டிசம்பர் பாதியிலேயே கைவிட்டுவிடுவார். எந்தப் பட்டியலின்படி இந்த வருடம் எண்ணுகிறோமோ அதே பட்டியலின்படிதான் போன வருடத்தையும் எண்ண வேண்டும், அந்தத் தொகையைக் கடைக்கு எழுதிக் கொடுக்க வேண்டும்.

நடுவில் கோடு மாறுவதையும் சொல்ல வேண்டும். டிசம்பரில் ஒரு பக்கெட்டின் லேபிள் மாறும், சிஸ்டத்தில் புதிய கோடு வரும். ஸ்கீம் கணக்குப் போடும் மென்பொருளில் பழைய கோடு மட்டும் இருக்கும். புதிய கோடில் பில் ஆன சரக்கு முழுக்கக் கணக்கிலிருந்து விழுந்துவிடும். கம்பெனி அனுப்பும் கணக்குத் தாளில் மொத்தம் உங்கள் கொள்முதல் புத்தகத்தைவிடக் குறைவாக இருந்தால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள். பில்களில் உள்ள கோடுகளைக் கடிதப் பட்டியலோடு ஒத்துப் பார்த்தால் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். "இந்தச் சரக்கின் கோடு மாறினால் புதிய கோடும் சேரும்" என்ற ஒரு வரி கடிதத்தில் இருந்தால் சண்டையே இல்லை.

இப்போது பணம் வரும் தேதி. ஸ்கீம் ஜனவரி 20-இல் முடிகிறது. முப்பது நாள் கடன் என்றால் கடைசி நாள் பில்லுக்குப் பணம் கட்ட வேண்டிய நாள் பிப்ரவரி 19. பில்களுக்குக் கெடுவுக்குள் பணம் வந்திருக்க வேண்டும் என்று நிபந்தனை போடும் கம்பெனி, பிப்ரவரி 19-க்கு முன் கிரெடிட் நோட் போட முடியாது. அதனால் "முடிந்த உடனே" என்று சொல்வது பொய்யாகத்தான் முடியும். நேர்மையான தேதி பிப்ரவரி 28. அதற்கு முன் இரண்டு தேதிகள் வேண்டும். ஜனவரி 27-க்குள் கணக்குத் தாள் கடைக்குப் போக வேண்டும். பிப்ரவரி 5-க்குள் கடைக்காரர் ஆட்சேபம் சொல்ல வேண்டும். முடிந்தால் டிசம்பர் 21-இல் பாதிக் கணக்கு ஒன்றும் அனுப்பினால் நல்லது. எங்கே நிற்கிறோம் என்று தெரியாமல் கடைசி வாரத்தில் பதறும் கடைகள் குறையும்.

பணம் தாமதமான பில்லுக்கு என்ன செய்வது என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். ஒரு செக் திரும்பினால் மொத்த ஸ்கீமும் போச்சு என்று எழுதும் கம்பெனிகள் உண்டு. அது அநியாயம். தாமதமான பில் தொகைக்கு மட்டும் இன்சென்டிவ் கிடையாது, டார்கெட் கணக்கில் அது சேரும் என்று எழுதினால் வசூலும் ஒழுங்காக நடக்கும், கடைக்காரரும் மனம் நோக மாட்டார்.

வரி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதிலும் தேதி வருகிறது. கிரெடிட் நோட் இரண்டு விதம். ஜிஎஸ்டியையும் குறைத்துப் போடுவது ஒன்று. 2017-இல் ஜிஎஸ்டி சட்டம் வந்தபோதே அதற்கு நிபந்தனை வைத்தார்கள்: தள்ளுபடி சரக்கு போவதற்கு முன்பே ஒப்புக்கொண்டதாக இருக்க வேண்டும், எந்தெந்தப் பில்லுக்கு என்று காட்ட முடிய வேண்டும், வாங்கியவர் அந்த அளவு உள்ளீட்டு வரியைத் திருப்ப வேண்டும். ஆகவே அந்த நிபந்தனைப்படி பார்த்தால், நவம்பர் 21-இல் தொடங்கும் ஸ்கீமின் கடிதம் டிசம்பர் 5-இல் வந்தால், இரண்டு வாரத்துப் பில்களின் கதி கேள்விக்குறி. இன்னொரு விதம், ஜிஎஸ்டியைத் தொடாமல் போடும் கிரெடிட் நோட். அதற்குக் கடைக்காரர் உள்ளீட்டு வரியைத் திருப்ப வேண்டியதில்லை என்று 2025 செப்டம்பரில் மத்திய மறைமுக வரி வாரியம் சுற்றறிக்கையில் தெளிவாக்கியது. நம் கடையின் 25,800 ரூபாய்க்கு முதல் விதத்தில் 18 சதவீத வரி 4,644 சேர்ந்து 30,444-க்கு நோட் வரும். கூடுதலாகக் கிடைத்துவிட்டது என்று மகிழக் கூடாது, அந்த 4,644-ஐ வரிக் கணக்கில் திருப்ப வேண்டும். கைக்கு நிற்பது இரண்டிலும் 25,800 தான். எந்த விதம் என்று கடிதத்தில் ஒரு வார்த்தை போட்டால் கடைக்காரரின் ஆடிட்டருக்கு வேலை மிச்சம்.

தங்கக் காசு, தாய்லாந்து டூர் என்று கொடுத்தால் கதை வேறு. 2022 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த வருமான வரி விதியின்படி, வியாபாரத்தில் கிடைக்கும் இத்தகைய பலன்கள் ஒரு நிதியாண்டில் 20,000 ரூபாயைத் தாண்டினால் கொடுப்பவர் பத்து சதவீத வரி பிடிக்க வேண்டும். பில் தள்ளுபடிக்கு அது பொருந்தாது, பரிசுக்கும் டூருக்கும் பொருந்தும் என்று வருமான வரித் துறையின் 2022 சுற்றறிக்கையே சொல்லிவிட்டது. 60,000 ரூபாய் டூர் என்றால் 6,000 வரி. டூரிலிருந்து பத்து சதவீதத்தைப் பிய்த்து எடுக்க முடியாது, யாராவது பணமாகக் கட்டியாக வேண்டும். கம்பெனி கட்டுமா, கடைக்காரரா? கடிதத்தில் இல்லாவிட்டால் விமான டிக்கெட் போடும் வாரத்தில் கேள்வி எழும். எனக்கு டூர் ஸ்கீம் பிடிப்பதே இல்லை. கடைக்காரருக்குத் தேவை பில்லில் கழியும் பணம். கடையை ஐந்து நாள் பூட்டிவிட்டுப் போவது பலருக்கு நடக்கிற காரியமா?

இவ்வளவும் சேர்ந்தால் கடிதம் பத்துப் பக்கம் ஆகிவிடும் என்று பயப்பட வேண்டாம். ஒரு பக்கம் போதும். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

"அன்புடையீர், வணக்கம். எங்கள் பொங்கல் ஸ்கீம் நவம்பர் 21 முதல் ஜனவரி 20 வரை நடைபெறும். இணைப்பில் உள்ள பட்டியலின் சரக்குகள் மட்டுமே டார்கெட்டிலும் இன்சென்டிவிலும் சேரும். புட்டியும் புராஜெக்ட் பில்களும் இரண்டிலும் சேராது. அதே பட்டியலின்படி சென்ற ஆண்டு இதே காலத்தில் உங்கள் கடையின் கொள்முதல் ஜிஎஸ்டி நீங்கலாக 8,00,000 ரூபாய். இந்தத் தொகையில் ஐயம் இருந்தால் நவம்பர் 30-க்குள் தெரிவிக்கவும்.

பில் தேதிப்படி, ஜிஎஸ்டியும் திரும்பிய சரக்கும் நீங்கலாகக் கொள்முதல் 8,00,000-ஐ எட்டினால் மொத்தத்துக்கு 1.5 சதவீதம். 8,40,000-ஐ எட்டினால் அந்தத் தொகைக்கு 2.5 சதவீதமும், அதற்கு மேல் வாங்கும் தொகைக்கு 6 சதவீதமும் உண்டு. உதாரணமாக 9,20,000-க்கு வாங்கினால் உங்களுக்கு 25,800 ரூபாய்.

ஜனவரி 17-க்குள் தந்த ஆர்டர் எங்களிடம் சரக்கு இல்லாமல் நின்றிருந்தால் அதுவும் கணக்கில் சேரும். சரக்கின் கோடு இடையில் மாறினால் புதிய கோடும் சேரும். முப்பது நாளுக்குள் பணம் வராத பில்லுக்கு மட்டும் இன்சென்டிவ் இல்லை, டார்கெட்டில் அது சேரும். ஜனவரி 27-க்குள் கணக்குத் தாள் அனுப்புவோம். பிப்ரவரி 5-க்குள் ஆட்சேபத்தைச் சொல்லலாம். பிப்ரவரி 28-க்குள் ஜிஎஸ்டி இல்லாத கிரெடிட் நோட் உங்கள் கணக்கில் வரவாகும்."

அவ்வளவுதான். இதில் "கம்பெனியின் முடிவே இறுதியானது" என்ற வரி இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். கணக்குத் தாளும் ஆட்சேபத் தேதியும் இருக்கும் கடிதத்துக்கு அந்த வரி தேவைப்படாது.

கம்பெனிக்காரர்களிடம் நான் கேட்பது: நவம்பர் 21-க்கு முன் கடிதம் கடைக்குப் போய்ச் சேரட்டும், அந்தந்தக் கடையின் தொகையோடு. சேல்ஸ் பையன்களை வாயால் வாக்குக் கொடுக்கும் நிலையில் நிறுத்தாதீர்கள். மார்ச்சில் கடைக்காரர் முகத்தைப் பார்க்க வேண்டியவர்கள் அவர்கள்தான்.

கடைக்கார அண்ணாச்சிகளுக்கு: ஸ்கீம் படம் வாட்ஸ்அப்பில் வந்ததும் மூன்றைக் கேட்டு எழுத்தில் வாங்கிவிடுங்கள். என் கடையின் போன வருடத் தொகை எது, எந்தச் சரக்கெல்லாம் சேரும், கிரெடிட் நோட் எந்தத் தேதிக்குள் வரும். இந்த மூன்றுக்கும் பதில் வரும்வரை அந்த ஸ்கீமை நம்பிப் பெயிண்டருக்கு ஒரு ரூபாய்கூட விலை குறைக்காதீர்கள்.